கடைசிச் சீட்டின் கணக்கு

மாதச் சீட்டு மேலா, பாங்கியின் தொடர் வைப்பு மேலா என்று நேயர்கள் நம்மைக் கேட்பதுண்டு. பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பதை அறியாமல் இதற்கு விடையளிப்பது நியாயமாகாது.

உதாரணமாக, 20 பேர் மாதம் ரூ.5,000 வீதம் 20 மாதம் கட்டும் லட்ச ரூபாய் ஏலச் சீட்டை எடுத்துக்கொள்வோம். நடத்துவோரின் கமிஷன் நூற்றுக்கு 5, அதாவது மாதம் ரூ.5,000. ஏலத் தள்ளில் கமிஷன் போக எஞ்சுவதை 20 பேரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். அப்பங்கு அவரவர் தவணையில் கழிக்கப்படுகிறது.

தள்ளு முதல் மாதம் ரூ.30,000-ல் தொடங்கி, சீராகக் குறைந்து, கடைசியில் கமிஷன் அளவான ரூ.5,000-ல் நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். இறுதிவரை காத்திருப்பவருக்குக் கிடைக்கும் கழிவு மொத்தம் ரூ.12,500. அவர் கட்டியது ரூ.87,500, பெறுவது, லட்சமன்று, ரூ.95,000. ஆகவே லாபம் ரூ.7,500 மட்டுமே. அதே தொகைகளை அதே தேதிகளில் நூற்றுக்கு 6½ வட்டிக்கு இட்டிருந்தால் ரூ.4,000 சொச்சமே சேர்ந்திருக்கும். இங்கே சீட்டுக்கே வெற்றி.

ஆனால் அந்த வெற்றி எங்கிருந்து வந்தது? முதல் மாதம் ரூ.70,000 பெற்றவர், அதற்காக ரூ.87,500 கட்டி முடிக்கிறார். அவருக்கு அது மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்க்கு மேற்பட்ட வட்டிக் கடனேயாகும். முந்தியவனின் அவசரமே பிந்தியவனின் வட்டி.

அவசரக்காரர் இல்லாத சீட்டில் நிலைமை தலைகீழாகும். முதல் தள்ளு ரூ.15,000 மட்டும் இருந்து, அவ்வாறே குறைந்து வந்தால், மொத்தக் கழிவு ரூ.5,000. கட்டியது ரூ.95,000; பெறுவதும் ரூ.95,000! பாங்கியிலோ ஐயாயிரத்திற்குச் சற்றுக் குறைய வட்டி கிடைத்திருக்கும். இத்தகைய சீட்டில் கழிவு மொத்தம் ஏறக்குறைய ரூ.9,500-ஐ எட்டினால்தான் பாங்கிக்குச் சமமாகும். 1982-ம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டத்தை 2019-ல் திருத்தி, கமிஷனின் உச்சவரம்பை 5-லிருந்து 7 சதவிகிதமாக உயர்த்தியிருக்கின்றனர். 7 வாங்கும் இடத்தில் அந்த எல்லை இன்னும் மேலே போகும்.

மேலும், கடைசியில் எடுப்பவர், முன்பே எடுத்தவர்கள் ஒழுங்காகத் தவணை கட்டுவார்களென்ற நம்பிக்கையிலேயே காத்திருக்கிறார். பாங்கி வைப்புக்கு ரூ.5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு; சீட்டுக்கு அது இல்லை.

ஆதலின் சேர்வதற்கு முன், அதே நடத்துவோர் முடித்த சீட்டொன்றின் ஏலக் கணக்கைக் கேட்டு வாங்கி, கழிவுகளைக் கூட்டிப் பாருங்கள். இடையில் பெருந்தொகை வேண்டியவருக்குச் சீட்டு உதவும். கடைசிவரை காத்திருக்கும் எண்ணமுடையவர், அந்தக் கூட்டுத்தொகை, கடைசி மாதக் கமிஷன் போக, பாங்கி வட்டியைத் தெளிவாக மிஞ்சினாலன்றிச் சீட்டில் கையெழுத்திடலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.