நாள் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

ஜெஞ்சாரோமில் நால்வர் சேர்ந்து வீடு எடுத்தோம். இருவர் 30 நாளும் தங்குவோம். வார இறுதியில் ஊருக்குப் போகும் மற்ற இருவர் 20 நாள்தான். எல்லாவற்றையும் நாள் கணக்கில் பிரிக்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். ஆள் இல்லாவிட்டாலும் அறை அவர்களுடையதே. வாடகையும் இணையமும் சமபங்கு. மளிகைக்கு மட்டும் நாள் கணக்கு சரி.

மின்சாரம் இரண்டும் கலந்தது. தீபாவளிக்கு வீடு பூட்டிக்கிடந்த 4 நாளில் மீட்டர் 10 யூனிட் ஓடியிருந்தது, குளிர்பெட்டி நிற்பதில்லையே! அப்படியானால் மாதம் 75 யூனிட், அதாவது எங்கள் 300 யூனிட்டில் கால்பங்கு. 80 வெள்ளி பில்லில் அந்த 20 வெள்ளிக்கு ஆளுக்கு 5. மீதி 60 வெள்ளியை, நால்வரும் தங்கிய 100 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 60 சென். ஆக எங்களுக்குத் தலா 23, அவர்களுக்கு 17.

ஒருவர் அறையில் மட்டும் குளிரூட்டி இருந்தால் இக்கணக்கு உதவாது. அதற்குத் தனி மீட்டர் வேண்டும்.