நாற்பது என்ற எண் பதக்கமன்று

ஓய்வுநிலையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40 எனக் கைக்கடிகாரம் காட்டினால் அதைப் பெருமையுடன் பகிர்வது இன்று வழக்கமாகிவிட்டது. எண் குறையக் குறைய இதயம் வலிமையானது என்னும் அந்த நம்பிக்கை பாதி உண்மையே.

அந்தப் பாதி எளிய கணக்கு. ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் தேவை. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வெளியேற்றும் இதயம் 70 முறை துடிக்க வேண்டும். பல்லாண்டுகள் நெடுந்தூரம் ஓடியவரின் இடது கீழறை விரிந்து 120 மில்லிலிட்டர் தள்ளுமானால் அவருக்கு 40 துடிப்பே போதும். இத்தகைய பெரிய இதயத்தைச் சுவீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899இலேயே பனிச்சறுக்கு வீரர்களிடம் கண்டு எழுதினார். அவர்களின் மார்பை விரலால் தட்டியே அதன் அளவை அவர் கணித்தார்.

ஆனால் துடிப்பின் வேகத்தைக் குறைப்பது எது? நெடுங்காலம் வேகஸ் நரம்பே காரணம் எனக் கொள்ளப்பட்டது. எனினும் நரம்புகளின் ஆளுகையை மருந்தால் தடுத்த பின்னரும் பயிற்சி பெற்ற இதயம் மெதுவாகவே துடிக்கிறது. பயிற்சி அளிக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்த மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2014இல் மற்றொரு காரணத்தைக் காட்டினர். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் மின்னோட்டத்துக்கு வழிவிடும் ஒருவகைப் புரத வாயில்கள் குறைந்திருந்தன. ஆகவே பயிற்சியால் மாறுவது இதயத் தசை மட்டுமன்று; அதன் கடிகாரமும் மாறுகிறது.

இம்மாற்றம் எப்போதும் தீங்கற்றதா என்பதே கேள்வி. சுவிட்சர்லாந்தின் முன்னாள் தொழில்முறை மிதிவண்டி வீரர்கள் 62 பேரை, அதே எண்ணிக்கையிலான கோல்ஃப் ஆட்டக்காரர்களுடன் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. சைனஸ் கணு நோய் வீரர்களில் 16 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் இருந்தது. சிறிய ஆய்வு என்பதால் பயிற்சியே நோய்க்குக் காரணம் என அறுதியிட இயலாது. ஆயினும் மெதுவான நாடியைப் பதக்கமாகக் கருதுவதற்கு அது இடந்தரவில்லை.

எனவே எண்ணைவிட, தேவைப்படும்போது துடிப்பு உயர்கிறதா என்பதே முதன்மையானது. நலமான வீரரின் நாடி படியேறத் தொடங்கியதுமே விரைந்து உயரும். உழைப்புக்கேற்ப உயராத நாடி, தலைச்சுற்றல், மயக்கம், காரணமற்ற சோர்வு ஆகியவை எச்சரிக்கைகள். ஓடும்போதே மயங்கி விழுவது அவற்றுள் மிகக் கடுமையானது. அறிகுறி இல்லாவிடினும், விழித்திருக்கையில் 30க்குக் கீழ் இறங்கும் துடிப்பையும் மின்பதிவில் தெரியும் 3 நொடி இடைநிறுத்தத்தையும் மருத்துவர் ஆராய வேண்டும். பயிற்சியே செய்யாதவரின் நாடி மெதுவானால் வீரர் இதயம் என்ற விளக்கம் பொருந்தாது. தைராய்டுக் குறைபாட்டையோ உட்கொள்ளும் மருந்துகளையோ அங்கே முதலில் ஐயுற வேண்டும்.