கோடிட்ட இடமும் பிழைதிருத்தமும்



லிங்கி ஆற்றைப் பற்றிய பத்தியிலிருந்து மீள்பார்வைத் தாள் தயாரிப்பதாகக் கொள்வோம்.

'லிங்கி ஆறு ______ கலக்கிறது' என்று கேட்டால், 'கடலில்' என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் மறுக்க இயலாது. 'லிங்கி ஆறு கலக்கும் நீரிணையின் பெயர் ______' என்று கேட்டால் 'மலாக்கா நீரிணை' என்னும் ஒரே விடைதான் வரும்.

அடுத்து, 'லிங்கி ஆறு தென்சீனக் கடலில் கலக்கிறது. சரியா, பிழையா? திருத்துக' என்போம். மாணவர் 'கலக்கவில்லை' என்று மாற்றிவிடுவார். வாக்கியம் மெய்யானது, ஆயினும் ஆறு எங்கே கலக்கிறது என்பதை அவர் அறிந்தாரா என்பது விளங்காது. ஆகவே, பிழையாகக்கூடிய சொற்களுக்கு மட்டும் அடிக்கோடிட்டு, 'கோடிட்ட சொற்களை மட்டும் மாற்றுக' எனக் கட்டளையிடுதல் வேண்டும். 'பிழை' என்றதற்கு ஒரு மதிப்பெண், திருத்தத்திற்கு ஒன்று. திருத்தமில்லாத 'பிழை' வெறும் ஊகமாகவும் இருக்கலாம் என்பதே என் கருத்து.