குறிப்பைப் படித்தால் போதாது, மறைத்துவிட்டு எழுத வேண்டும்

முதல் பருவத்தில் பைத்தான் ஆய்வகத் தேர்வு. மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். விரிவுரையில் பார்த்ததுதான், குறிப்பேட்டிலும் இருந்தது. நம்பிக்கையோடு இப்படி எழுதினேன்:

```python
marks = [72, 58, 91]
marks = marks.sort()
print(marks)
```

திரையில் `None` என்று வந்தது. எங்கே தவறு என்று தேடுவதற்குள் நேரம் முடிந்தது. அந்தக் கேள்விக்கான மதிப்பெண் முழுவதும் போயிற்று.

`sort()` பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்தும். திருப்பித் தருவதோ `None` மட்டும்தான். அதை நான் `marks` என்ற பெயருக்கே கொடுத்ததால் பட்டியல் கைநழுவிப் போனது. இரண்டாம் வரி `marks.sort()` என்றோ `marks = sorted(marks)` என்றோ இருந்திருக்க வேண்டும்.

தேர்வுக்கு முன் அந்தக் குறிப்பை நான் மூன்று முறை படித்திருந்தேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. ஆனால், பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, வெற்றுத் திரையில் நினைவிலிருந்து எழுதுவது வேறு.

அன்று முதல் கற்றல் நாளேடு ஒன்று வைத்திருக்கிறேன். விரிவுரையை அதில் நகலெடுப்பதில்லை. ஒவ்வொரு தவற்றுக்கும் நான்கு வரிகள்: நான் எழுதிய நிரல், எதிர்பார்த்த விடை, வந்த விடை, காரணம். காரணத்தைத் தமிழில், என் சொந்தச் சொற்களில் எழுதுவேன். அப்படி எழுத வரவில்லையென்றால் எனக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பிறகு அதை ஓர் அட்டையாக்குவேன். முன்பக்கத்தில் நிரல், பின்பக்கத்தில் விடையும் காரணமும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் என அதை எடுத்து, விடையைத் தாளில் எழுதிய பிறகே திருப்பிப் பார்ப்பேன். தவறினால் அந்த அட்டை மீண்டும் முதல் நாளுக்குப் போகும். கற்றது நாளடைவில் எப்படி மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். மறக்கத் தொடங்கும் வேளையில் முயன்று நினைவுகூர்வதுதான் இந்த இடைவெளிகளின் நோக்கம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. நான்காம் சுற்றில் 72, 58, 91 என்ற எண்களைப் பார்த்ததுமே `None` என்றேன். நினைவில் நின்றது அட்டையின் முகம்தான், கருத்து அல்ல. எனவே, இப்போது ஒவ்வொரு சுற்றிலும் எண்களை மாற்றுகிறேன். `sort()` இருந்த இடத்தில் `reverse()` அல்லது `append()` போடுகிறேன். அவையும் `None`தான் தரும். அதைக் காரணத்தோடு சொல்ல முடிந்தால்தான் அட்டை அடுத்த இடைவெளிக்குப் போகும்.

ஒரு கணக்கை எப்படிப் பிரித்துத் தீர்ப்பது என்பதை அட்டைகள் கற்றுத் தருவதில்லை. அதற்கு முழு நிரல்களை எழுதித்தான் பழக வேண்டும். ஆனால், அப்படி எழுதும்போது இலக்கணத்துக்காக நடுவில் நிற்க வேண்டியிராது. இன்றிரவு, கடைசியாக உங்களைத் தடுமாற வைத்த ஒரு வரியை எழுதி வையுங்கள். நாளை அதை மறைத்துவிட்டு மீண்டும் எழுதிப் பாருங்கள்.