மடலின் அளவு அலங்காரம் இல்லை



பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கும் என் பேத்தியின் நோட்டைப் போன வாரம் புரட்டினேன். பியூட்டாடையீனின் நான்கு பை மூலக்கூறு ஆர்பிட்டால்களையும் அழகாக வரைந்து, நான்கு எலக்ட்ரான்களைக் கீழிருந்து இரண்டிரண்டாக நிரப்பி, டிக்கும் வாங்கியிருந்தாள். கணுக்கள் 0, 1, 2, 3 என்று சரியாகவே இருந்தன. ஆனால் எல்லா மடல்களும் ஒரே அளவு.

"இந்தப் படத்தை வச்சுச் சொல்லும்மா, நடுவில் இருக்கிற கார்பன்-கார்பன் பிணைப்பில் பை தன்மை உண்டா?" என்றேன். முதல் ஆர்பிட்டாலில் நடுவில் இருபக்கமும் ஒரே குறி, அதனால் பிணைக்கிறது. இரண்டாவதில் எதிர்க்குறி, அதனால் பிரிக்கிறது. இரண்டிலும் இரண்டிரண்டு எலக்ட்ரான். "கழிஞ்சு போச்சு தாத்தா, ஒண்ணும் மிச்சமில்லை" என்றாள்.

அவள் தர்க்கத்தில் தப்பில்லை. படம்தான் தப்பு. நானும் பல வருஷம் போர்டில் அப்படித்தான் வரைந்தேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

அளவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு கோடு போட்டு ஐந்து சம பாகமாகப் பிரியுங்கள். உள்ளே வரும் நான்கு புள்ளிகள்தான் நான்கு கார்பன்கள். கோட்டின் இரு முனைகளிலும் அலை பூஜ்ஜியம். முதல் ஆர்பிட்டாலுக்கு ஒரே ஒரு மேடு வரையுங்கள். புள்ளிகளில் அதன் உயரம் 0.59, 0.95, 0.95, 0.59. ஆக, நடு மடல்கள் பெரியவை, ஓர மடல்கள் சிறியவை. இரண்டாவதற்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். இப்போது ஓரங்கள் பெரியவை, நடு இரண்டும் சிறியவை. (மேடு பள்ளம் என்பது அலையின் குறி மட்டுமே. மின்சுமை என்று நினைத்துவிடாதீர்கள்.)

இனி நடுப் பிணைப்பைப் பாருங்கள். முதல் ஆர்பிட்டால் அங்கே பெரிய மடல்களால் பிணைக்கிறது. இரண்டாவது சிறிய மடல்களால் பிரிக்கிறது. முழு பை பிணைப்பை 1 என்று வைத்துக்கொண்டால், எளிய ஹூக்கல் கணக்கில் கிடைப்பது 0.72, கழிவது 0.28. மிச்சம் சுமார் 0.45. ஓரப் பிணைப்புகளில் இரண்டு ஆர்பிட்டாலும் சேர்ந்தே பிணைப்பதால் 0.89. ஈத்தேனில் 1.54 ஆங்ஸ்ட்ராம் இருக்கும் ஒற்றைப் பிணைப்பு, பியூட்டாடையீனின் நடுவில் ஏறக்குறைய 1.46 ஆகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் முழுவதையும் பை கணக்கில் எழுதிவிடக் கூடாது. நடுவில் சேர்வது இரண்டு sp² கார்பன்கள் என்பதும் ஒரு காரணம்.

அல்லைலில் இந்தத் தப்பு இன்னும் பெரிதாகிவிடும். மூன்று கார்பன், அதனால் கோட்டை நான்கு பாகமாக்குங்கள். இரண்டாவது அலை நடுக் கார்பனிலேயே பூஜ்ஜியத்தைக் கடக்கிறது. அங்கே மடலே கிடையாது. படம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு சின்ன மடலைப் போட்டால் பாடமே போச்சு.

ஏன் என்று எலக்ட்ரானை நிரப்பினால் தெரியும். அல்லைல் நேர்மின் அயனியில் 2 பை எலக்ட்ரான், தனி உறுப்பில் 3, எதிர்மின் அயனியில் 4. மூன்றுக்கும் ஒரே படம்தான். முதல் இரண்டு எலக்ட்ரான்கள் எப்போதும் கீழ் ஆர்பிட்டாலுக்குள். மாறுவதெல்லாம் அந்த இரண்டாவது ஆர்பிட்டாலில்தான்: காலி, ஒன்று, இரண்டு. அது நடுவில் இல்லை என்பதால், எதிர்மின் சுமை இரு ஓரங்களில் மட்டும் தங்குகிறது. நேர்மின் அயனியில் அதே ஆர்பிட்டால் காலி. வரும் எலக்ட்ரான் ஜோடி அங்கேதான் நுழைய வேண்டும், அதனால் தாக்குதலும் ஓரங்களில்தான். உடனிசைவு அம்புக்குறிகளும் இந்த விடையைத் தரும். ஆனால் நடுக் கார்பன் ஏன் விலக்கப்படுகிறது என்பதை அந்தக் கணுதான் காட்டுகிறது.

உங்களில் வகுப்பெடுப்பவர்களுக்கு என் கருத்து இது. அல்லைலை முதலில் நடத்துங்கள், பியூட்டாடையீன் பிறகு வரட்டும். எலக்ட்ரான் எண்ணிக்கையையும் அங்கேயே பழக்குங்கள். கார்பனின் எண்ணிக்கையையே எலக்ட்ரான் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு, எதிர்மின் அயனிக்கு மூன்று எலக்ட்ரான் போடும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. நோட்டில் மடல்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் டிக் போடாதீர்கள். நான் பேத்தியிடம் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "ஒண்ணும் மிச்சமில்லை" என்று பதில் வந்தால், கோடு போட்டுப் பிரிப்பதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

பேத்தி திரும்ப வரைந்துவிட்டாள். இந்தத் தடவை நடு மடல் கொஞ்சம் அதிகமாகவே பெருத்துவிட்டது. பரவாயில்லை என்றேன்.