இடங்கள் கூடின, பிடி போனது

1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைத் தோற்ற பேச்சுவார்த்தையாகவே நான் படிக்கிறேன். காந்தியின் உண்ணாவிரத நெருக்கடியில் தனித்தொகுதி கைவிடப்பட்டது. ஈடாக மாகாண சபைகளில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. எண்ணிக்கையைப் பார்த்தால் வெற்றிதான். சறுக்கல் தேர்தல் முறையில் இருந்தது.

முதல் சுற்றில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வார்கள். இறுதிச் சுற்றில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் சுற்றில் ஒருவர் 600 வாக்கு வாங்குகிறார், நான்காமவர் 50தான். இறுதியில் பெரும்பான்மையான சாதி இந்துக்கள் அந்த நான்காமவருக்கே வாக்களித்தால், அவர்தான் நம் பிரதிநிதி!

தன் மக்களின் வாக்கில் குறைந்தபட்சப் பங்கு பெறாதவர் வென்றதாகாது என்ற ஒரு வரி இதைத் தடுத்திருக்கும். 1947இல் அரசியல் நிர்ணய சபையில் எஸ். நாகப்பா 35 சதவீதம் என்று அதைத்தான் கேட்டார். கிடைக்கவில்லை.

ஆகவே, எந்தப் பேச்சுக்குப் போகுமுன்பும் எத்தனை இடம் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் அமர்பவரை யார் தேர்வது என்பதை விட்டுக்கொடுக்க முடியாத முதல் நிபந்தனையாக எழுதிக்கொண்டு போங்கள்.