வீடியோவில் ஒரே குரல்!

ஊறுகாய் விற்பவர் ஒரு வீடியோவில் ‘வாங்க மக்களே’ என்கிறார். அடுத்ததில் ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே’ என்கிறார். இரண்டு கடை போலத் தெரியும். ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதிவைத்தால் போதும்.

தொனி: பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சு. யார் பேசினாலும் ‘நீங்க’தான்.

வழக்கமான வாக்கியம்: ஒவ்வொரு வீடியோவையும் ‘ஈரக் கரண்டி மட்டும் வேண்டாம்ங்க’ என்று முடிக்கலாம். ‘தரமே தாரக மந்திரம்’ எந்தக் கடைக்கும் பொருந்தும். அதனால் மனதில் நிற்காது.

தவிர்க்க வேண்டியவை: ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று சொல்லவே கூடாது. உணவு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. ‘கெட்டே போகாது’ என்பதும் வேண்டாம். பாட்டிலிலேயே காலாவதித் தேதி இருக்கிறதே! ‘தேதிக்குள்ள சாப்பிட்டுடுங்க’ என்பதே சரி.